கொங்கிரீட்டுக்குப் பெருநாள் லீவு

என்னுடைய கல்யாணத் தேதியைக் கணித்தது என் மூத்த சகோதரர், காக்கா. அவர் ஒரு அரசாங்கத் திணைக்களத்தின் கட்டிடப் பகுதியில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்தார். பள்ளிக்கூடம் கட்டினாலும் மதகு கட்டினாலும், எந்த வேலை எந்த நாளில் தொடங்கி எந்த நாளில் முடியும் என்று நீளமான தாளில் கட்டம் போட்டுக் கோடு இழுப்பது அவருடைய வேலை. ஒருநாள் அப்படியொரு தாளைக் கொண்டுவந்து எங்கள் வீட்டுச் சுவரில் ஒட்டினார். தாளின் வலது ஓரத்தில் கடைசிக் கோடு முடிந்த இடத்தில் சிவப்புப் பேனையால் ‘நிக்காஹ்’ என்று எழுதியிருந்தது. மாப்பிள்ளை சவூதிக்குத் திரும்பிப் போய் நாலு மாதம் கழித்து அந்தத் தேதி வந்தது.

இது எண்பதுகளின் தொடக்கம். கிழக்கிலங்கையில் எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுக்காமல் கல்யாணம் இல்லை. மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். வாப்பா கல்முனையில் புடவைச் சாய்ப்புக் கடை வைத்திருந்தார். சாய்ந்தமருதில் எனக்கென்று ஒரு வளவை வாங்கிப் பாதிச் சுவர் வரைக்கும் எழுப்பியும் விட்டார். சவூதியில் வேலை பார்த்த மாப்பிள்ளை நோன்புப் பெருநாளோடு இரண்டு மாத லீவில் வரவிருந்தார். அதைத் தவறவிட்டால் அடுத்த லீவு இரண்டு வருடம் கழித்துத்தான். அவருடைய உம்மா தெளிவாகச் சொல்லிவிட்டார்: “வீடு முடியட்டும் புள்ள, மறுநாளே நிக்காஹ் வெப்பம். அரைவாசி ஊட்டுக்குள்ள என்ட மகன அனுப்பேலாது.”

எனக்கு அந்த மனிதரைப் பிடித்திருந்தது. போன லீவில் பெண் பார்க்க வந்த அன்று எல்லாரும் வட்டிலப்பத்தைப் புகழ்ந்துகொண்டிருக்க, அவர் மட்டும் எனக்குக் கேட்கும்படி இனிப்புக் கூடிப்போச்சு என்றார். உண்மையில் கூடித்தான் போயிருந்தது. அப்படிப்பட்ட ஒருவரை இரண்டு வருடம் ஒத்திப்போட எனக்கு மனம் இல்லை. நான் கணித டீச்சர் வேறு. நோன்புக்காகப் பள்ளிக்கூடம் மூடியிருந்தபடியால் அந்தத் தாளின் முன்னால் போய் உட்கார்ந்தேன்.

கணக்கின் அடிப்படையில் பிழை இல்லை. ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை மணித்தியாலம் என்று காக்கா எழுதியிருந்தார். ஒரு வேலை நாள் என்றால் காலை எட்டிலிருந்து ஐந்து வரை, நடுவில் சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் போக, எட்டு மணித்தியாலம். வேலை ஒருநாளில் முடியாவிட்டால் மிச்சம் அடுத்த வேலை நாளின் காலை எட்டு மணிக்குத் தொடரும். விஷயம் என்னவென்றால், அடுத்த வேலை நாள் எது என்பதுதான்.

உத்தியோகக்காரர் என்பதால் காக்கா சனி, ஞாயிறை முதலிலேயே வெட்டியிருந்தார். வெள்ளிக்கிழமை ஊர் வழக்கப்படி போயிற்று. பௌர்ணமிப் போயா நாட்கள் போயின. கலண்டரில் சிவப்பாக இருந்த அத்தனை நாட்களும், எந்த மதத்தினுடையது என்று கேட்காமல் போயின. வியாழன் பின்னேரம் மூன்று மணிக்குத் தொடங்கும் ஒரு பத்து மணித்தியாலச் சுவர் வேலையைப் பாருங்கள். வியாழன் இரண்டு மணித்தியாலம் ஓடும். வெள்ளி, சனி, ஞாயிறு மூன்றும் வெட்டு. மிச்ச எட்டும் திங்கள் ஐந்து மணிக்குத்தான் முடியும். ஒருநாள் வேலைக்குக் கொஞ்சம் கூடின சுவர் ஐந்து நாட்களை விழுங்கிவிட்டது.

வாப்பாவுக்கு அந்தத் தாள் மிகவும் பிடித்துவிட்டது. வேலை எப்போது முடியும் என்று அவர் கேட்கவே இல்லை. காக்கா விட்டுவிட்ட நாட்களைக் கண்டுபிடித்துக் கொடுப்பதில்தான் அவருக்குச் சந்தோஷம். “கடக்கரப் பள்ளிக் கொடியேத்தத்துக்கு ஆரு வேலைக்கு வருவா? அதையும் வெட்டு.” காக்கா வெட்டினார். மாப்பிள்ளையின் உம்மா ஒரு பின்னேரம் வந்தவர், செவ்வாய்க்கிழமையில் கதவு நிலை வைக்கக் கூடாது என்றார். காக்கா செவ்வாயையும் வெட்டினார். கடைசியில் ஒரு கிழமைக்கு மூன்றே மூன்று வேலை நாட்கள் மிஞ்சின. இந்த வேகத்தில் வீட்டைக் கட்டி முடிக்கும்போது நான் பென்சனில் இருப்பேன் என்று சொன்னேன். வாப்பா என்னை அவசரக்காரி என்றார்.

எனக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, கேள்விதான் ஏறும். “காக்கா, சனிக்கிழம ஆர் வேலைக்கு வராத?” என்று கேட்டேன்.

“ஒபிஸ் பூட்டு.”

“ஒங்கட ஒபிஸா என்ட ஊட்டக் கட்டுது?”

அவர் பென்சிலைச் சீவினார். கொத்துவேலைத் தலைவரான மேசன் பாஸைக் கூப்பிட்டுவிடச் சொன்னேன். அவர் காரைதீவுத் தமிழர், பேச்சில் சிக்கனம். திங்களிலிருந்து சனி வரை வருவதாகவும் ஞாயிறு மட்டும் தங்களுக்கு வேண்டும் என்றும் சொன்னார். வெள்ளிக்கிழமை என்று வாப்பா இழுத்தார்.

“முதலாளி, வெள்ளிக்கிழம தொழப் பள்ளிக்குப் போறது நீங்கதானே. நாங்க ஏன் ஊட்ட இரிக்கணும்?” என்றார் பாஸ்.

மர வேலை செய்யும் ஓடாவிமார் எங்கள் ஊர்க்காரர்கள். அவர்கள் வெள்ளி வரமாட்டார்கள், ஞாயிறு வருவார்கள், நோன்பு மாதம் மதியத்தோடு போய்விடுவார்கள். ஆகவே ஒரே கலண்டரை எல்லாருக்கும் போட்டதுதான் கோளாறு. மேசன்மாருக்கு ஒன்று, ஓடாவிமாருக்கு ஒன்று என்று காக்கா இரண்டு கலண்டர் எழுதினார். நோன்புக் காலத்தில் ஓடாவியின் நாள் நாலு மணித்தியாலம் என்பதால், இருபது மணித்தியால ஜன்னல் வேலைக்கு ஐந்து நாள் விழுந்தது. அது நியாயம். செவ்வாய்க்கிழமை நிலை மட்டும் வைப்பதில்லை, மற்ற வேலை நடக்கும் என்று மாமியாகப் போகிறவரிடமும் பேசி முடித்தோம்.

புதுத் தாள் வந்தது. நிக்காஹ் இப்போது மாப்பிள்ளை போய் மூன்று கிழமைக்குப் பிறகு. காக்கா பெருமையோடு நின்றார். எனக்கு அழுகை வந்தது. விமானம் போன பிறகு மூன்று கிழமை என்றாலும் மூன்று மாதம் என்றாலும் ஒன்றுதான்.

அழுதுகொண்டே தாளைப் பார்த்தபோதுதான் அந்தக் கோடு கண்ணில் பட்டது. தாளிலேயே நீளமான கோடு அதுதான். வாப்பா பின்னாளில் தங்கச்சிக்கு மேல்மாடி எடுத்துக் கொடுக்கலாம் என்று வீட்டுக்கு ஓட்டுக் கூரைக்குப் பதிலாகக் கொங்கிரீட் தட்டுப் போடத் தீர்மானித்திருந்தார். தட்டுப் போட்டு, இறுகி, கீழே முட்டுக் கொடுத்த பலகைகளைக் கழற்றும் வரைக்கும் உள்ளே பூச்சு வேலையோ தரை வேலையோ செய்ய முடியாது. அதற்குப் பதினாலு நாள் விடவேண்டும் என்று பாஸ் சொல்லியிருந்தார். கோடோ ஏழு கிழமைக்கு மேல் ஓடியது.

“இது எப்பிடி வந்த காக்கா?”

“பதினாலு நாள இருவத்திநாலால பெருக்கினா முன்னூத்தி முப்பத்தாறு மணித்தியாலம். ஒரு நாளைக்கு எட்டுப்படி பிரிச்சா நாப்பத்திரெண்டு வேலை நாள். இதுல ஞாயிறு, போயா, பெருநாள் சேரும்.”

“அப்ப கொங்கிரீட் பின்னேரம் அஞ்சு மணிக்கு வேலைய உட்டுட்டுப் படுத்துருமா?”

“எல்லா வேலையும் வேலை மணியிலதான் போடணும். அதான் முறை.”

“ஞாயித்துக்கிழம இறுகாதா? போயாவுக்கு விகாரையில சில் எடுக்கப் போயிருமா?”

என் காக்கா முட்டாள் இல்லை. ஆனால் எழுதின கணக்கை விட்டுக்கொடுப்பது அவருக்குப் பல் பிடுங்குவது மாதிரி. கொங்கிரீட் சும்மா இறுகாது, தினமும் தண்ணீர் கட்ட வேண்டும், கச்சான் காற்றில் காய்ந்து வெடித்துவிடும், தண்ணீர் கட்டுவது வேலைதானே என்றார். நோன்புப் பெருநாளன்று ஓடாவி வரமாட்டார். ஞாயிறு மேசன் வரமாட்டார். தண்ணீர் ஊற்ற ஆள் இல்லாத நாளில் கொங்கிரீட் எப்படி வேலை செய்யும் என்று கேட்டார். வாப்பாவும் தலையாட்டினார். ஒரு கொங்கிரீட் தட்டுக்கு லீவு கொடுப்பதா இல்லையா என்று எங்கள் வீட்டில் அஸர் தொழுகை வரைக்கும் விவாதம் நடந்தது.

“நான் ஊத்திறன்,” என்றேன்.

கல்யாணப் பெண் கட்டுகிற வீட்டில் ஏணியில் ஏறுவதா என்று வாப்பா திகைத்தார். ஏறினால் கோடு எங்கே முடியும் என்று கணக்குப் போடும்படி காக்காவிடம் சொன்னேன். அவர் வாய்க்குள் முணுமுணுத்தபடி, இரவும் ஞாயிறும் பெருநாளும் சேர்த்து, பதினாலு நாட்களை நேராக எண்ணினார். கோடு ஐந்து கிழமைக்கு மேல் சுருங்கியது. நிக்காஹ், விமானத்துக்கு இரண்டு கிழமை முந்தி வந்து நின்றது. காக்கா அதை இரண்டு தடவை சரிபார்த்துவிட்டு, தானே கண்டுபிடித்ததுபோல் வாப்பாவுக்கு விளங்கப்படுத்தினார்.

பெருநாளைக்கு இரண்டு நாள் முந்தி, நோன்பு இல்லாத காரைதீவு மேசன்மார் தட்டைப் போட்டு முடித்தார்கள். எல்லாரும் லீவில் இருக்கும்போது அது மட்டும் வேலை செய்யட்டும் என்று அந்த நாளை நான்தான் கேட்டு வாங்கினேன்.

பெருநாள் தொழுகை முடிந்ததும் புதுச் சேலையோடு ஏணியில் ஏறினேன். தட்டின் ஓரத்தில் மண் வரம்பு கட்டி, வயலுக்குப் போல உள்ளே தண்ணீர் நிறுத்தியிருந்தார்கள். கச்சான் அதில் பாதியைக் குடித்திருந்தது. வாளியோடு இறங்குவதும் கிணற்றில் அள்ளுவதும் ஏறுவதுமாக இருந்தேன். அப்போது பெருநாள் பலகாரத்தோடு மாப்பிள்ளையின் உம்மா கேற்றால் வந்தார். பின்னால், ஊருக்கு வந்து நாலு நாளான அவருடைய மகன்.

“யா அல்லாஹ், பொண்ணு முகட்டுல நிக்கிது,” என்றார் மாமி.

நான் முக்காட்டைச் சரிசெய்தேன். இறங்க முடியவில்லை, ஏணிக்குக் கீழே மாப்பிள்ளை நின்றார்.

“என்ன செய்யிறீங்க?” என்று கேட்டார்.

“தண்ணி கட்டுறன்.”

“பெருநாளையிலயா?”

“கொங்கிரீட்டுக்குப் பெருநாள் இல்ல. இண்டைக்கும் இறுகும்.”

“என்ட லீவும் அப்பிடித்தான். கொம்பனியில பெருநாளையும் சேத்துத்தான் எண்ணுவானுகள்,” என்றார். சேர்ட்டின் கையை மடித்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். நிக்காஹ் இல்லாமல் நாங்கள் ஒரே வளவில் நிற்பது சரியா பிழையா என்று மாமிக்குத் தெரியவில்லை. அதனால் ஏணிக்கும் கிணற்றுக்கும் நடுவில் பலகாரத் தட்டோடு காவல் நின்றார். மாப்பிள்ளை வாளியை ஏணியில் வைத்துவிட்டு விலகுவார், நான் வந்து எடுப்பேன். மறுநாளும் அப்படியே நடந்தது. மூன்றாம் நாள் காக்கா தாளில் ‘மாப்பிள்ளை, வேலை நேரம்: எல்லா நாளும்’ என்று புதிதாக ஒரு கலண்டர் எழுதினார்.

பலகை கழற்றிய அன்று தட்டில் ஒரு வெடிப்பும் இல்லை. தரைக்குச் சீமெந்து வந்து சேர மூன்று நாள் பிந்தியது. அந்த மூன்று நாளும் நான் காக்காவோடு கதைக்கவில்லை, சீமெந்துக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லாவிட்டாலும். முன்கதவுக்கு வர்ணம் பூசாமலேயே நிக்காஹ் நடந்தது. விமானத்துக்குப் பதினொரு நாள் இருந்தது.

பள்ளிக்கூடம் திறந்திருந்தது, நான் போகவில்லை. பதினொரு நாளும் லீவு எழுதிக் கொடுத்தேன். அதிபர் காரணம் கேட்டபோது கல்யாணம் என்றேன். கல்யாணத்துக்கு இத்தனை நாளா என்றார். குறைவு என்றேன்.

அவர் சவூதிக்குத் திரும்பிப் போனார். இரண்டு வருடம் என்றது, கொம்பனி ஒத்திப்போட்டு இன்னும் மூன்று மாதம் கூடியது. அவர் திரும்பி வந்து கேற்றைத் திறந்தபோது எங்கள் மகன் முற்றத்தில் ஓடி விளையாடிக்கொண்டிருந்தான். பெட்டியோடு நின்ற அந்நிய மனிதரைப் பார்த்ததும் பயந்து ஓடிவந்து என் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, “உம்மா, ஆரு?” என்று கேட்டான்.