பதினொன்றாம் அறையின் மின்விசிறி

கட்டாக் நகரின் பெண்கள் விடுதியில் பிரஞ்சி மகாரணா பதினெட்டு ஆண்டுகளாக எலக்ட்ரீஷியன். மின்விசிறி மெதுவாகச் சுற்றுகிறது என்று யார் வந்தாலும் ரெகுலேட்டரை மாற்றிவிட்டுப் போவது அவர் வழக்கம். சோதித்துப் பார்த்ததில்லை.

மே மாதத்தில் பதினொன்றாம் அறையிலும் புதிதாக ஒன்று மாட்டினார். அப்போது கரண்ட் இல்லை. ஓட்டிப் பார்க்காமலே போய்விட்டார். மறுநாள் அறைப் பெண்கள் வந்து, ஒன்றில் வைத்தாலும் ஐந்தில் வைத்தாலும் விசிறி அதே நத்தைதான் என்றார்கள்.

"நான் மாட்டினது புதுசு. யாரோ கழட்டிட்டுப் பழசை வச்சிருக்காங்க" என்றார் பிரஞ்சி, வார்டன் நிருபமாவிடம்.

அந்த அறைக்குள் மூன்று மாணவிகள் போய்வந்தார்கள்; பெருக்கும் சுகுரி நாயக்கும் போய்வந்தாள். சந்தேகம் அவள் ஒருத்தி மேல் மட்டுமே விழுந்தது. சாதி பார்த்து விழும் சந்தேகத்துக்கு ஆதாரம் தேவைப்படுவதில்லை. வராந்தாவில், எல்லோர் முன்னும், அவள் பையைத் தலைகீழாகக் கொட்டினார்கள். தண்ணீர்ச் சோற்று டப்பா உருண்டது. வேறெதுவும் இல்லை.

"எங்கயாவது வித்திருப்பா. நாளையிலேருந்து வராதே" என்றார் வார்டன்.

சுகுரி நகரவில்லை. "அண்ணே, அந்த ரெகுலேட்டர் இல்லாம நேரா கரண்ட் குடுத்தா விசிறி எப்படி ஓடுது? அதை முதல்ல காட்டுங்க."

"எலக்ட்ரீஷியன் நீயா, நானா?"

"நீங்கதான். அதனாலதான் கேக்குறேன்."

மாணவிகள் சிரித்தார்கள். வேறு வழியின்றி பிரஞ்சி மெயினை அணைத்தார். ரெகுலேட்டருக்குப் போன இரண்டு கம்பிகளையும் கழற்றி, நேரடியாக முறுக்கி இணைத்து, டேப் சுற்றினார். ரெகுலேட்டர்தான் கெட்டிருந்தால் விசிறி இப்போது முழு வேகத்தில் பறக்க வேண்டும்.

மெயினைப் போட்டார். அதே நத்தை.

பிரஞ்சி பக்கத்து அறைகளை எட்டிப் பார்த்தார். அங்கே விசிறிகள் நன்றாகவே ஓடின. ஆகவே மின்னழுத்தத்தில் குறையில்லை. மீண்டும் மெயினை அணைத்து, இறக்கையைக் கையால் சுற்றினார். தடையின்றிச் சுழன்றது, பேரிங்கும் சரி. மிச்சம், மோட்டாருக்கு விசை கொடுக்கும் கெப்பாசிட்டர். மேலே ஏறி அதை மாற்றினார். ரெகுலேட்டரை மறுபடி மாட்டினார். அதன் அடியில் அவரே பென்சிலால் எழுதிய நேற்றைய தேதி இருந்தது.

ஐந்து நிலைக்கும் ஐந்து வேகம் வந்தது.

பிரஞ்சி வார்டனின் அறைக்குள் போய்த் தணிந்த குரலில், "அம்மா, தப்பு என்னோடது" என்றார்.

"சரி சரி, அவளை வேலைக்கு வரச் சொல்லு. இதோட விடு."

வாசலில் நின்ற சுகுரி கேட்டாள்: "திருடின்னு ஊருக்கே கேக்குற மாதிரி சொன்னீங்க. இது மட்டும் ஏன் வாய்க்குள்ளயே?"

பிரஞ்சி வெளியே வந்தார். நாற்பது பெண்கள் நின்றிருந்தார்கள். "சுகுரி எதையும் எடுக்கல. சோதிக்காம நான்தான் பழி போட்டேன்." பாதியில் குரலைத் தணித்துக்கொண்டார்.

"பின்னாடி இருக்கிறவங்களுக்குக் கேக்கல" என்றாள் சுகுரி.

தரையைப் பார்த்தபடியே அவர் இரண்டாம் முறை சொன்னார், உரக்க. வார்டனின் கதவு உள்ளிருந்து சாத்தப்பட்டது.