இரண்டாம் பத்தியில் விடுபட்ட பெயர்

அப்துல் ஹலீம் எந்தக் கடைக்குப் போனாலும் வந்த காரியத்தைக் கடைசியில்தான் சொல்வார். வில்லியனூர் ஆணிக்கடையில் முதலில் கடைக்காரருடைய அம்மாவின் முட்டிவலி, அடுத்து மகனுடைய பரீட்சை, பிறகு ஏரியில் எவ்வளவு தண்ணீர். செருப்பில் கால் நுழைக்கும்போதுதான் ஏதோ ஞாபகம் வந்தவர் மாதிரி, “அப்புறம், ரெண்டரை இஞ்சு ஆணி அஞ்சு கிலோ போடுப்பா” என்பார். எடுத்த எடுப்பில் கேட்பது அவருக்குப் பிச்சை கேட்பதைப்போல. மகள் ஆரிபா சின்ன வயதிலிருந்து அவர் பக்கத்தில் கால் மாற்றி மாற்றி நின்று இதைப் பார்த்திருக்கிறாள்.

அவர் செய்தது பேலட். கம்பெனிகளில் சரக்கை மேலே அடுக்கி, ஃபோர்க்லிஃப்ட் வண்டியால் தூக்குவார்களே, அந்த மரத்தட்டு. பதினெட்டு வருடமாக ஒரே கம்பெனிக்குச் செய்துகொண்டிருந்தார். அந்தக் கம்பெனி ஓசூருக்குப் போய்விட்டது. மூன்று மாதமாக ஷெட்டில் ரம்பம் ஓடவில்லை. பொங்கலுக்குள் புது ஆர்டர் வராவிட்டால் ஷெட்டைப் பூட்டி, ஆறு ஆட்களையும் வேறு இடம் பார்க்கச் சொல்லவேண்டியதுதான்.

“மெயில் அனுப்புமா. நீ படிச்சவ” என்றார் ஹலீம்.

அந்தக் குடும்பத்தில் முதல் பட்டதாரி ஆரிபா. பி.காம். முடித்து ஒரு வருடமாக அவளும் வேலை தேடிக்கொண்டிருந்தாள். அத்தா சொல்லச் சொல்ல ஆங்கிலத்தில் அடித்தாள். தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் நலமாயிருக்க இறைவனை வேண்டுகிறேன் என்று ஆரம்பித்தது. பாட்டனார் வண்டிச்சக்கரம் செய்த கதை, ஷெட் போட்ட கதை, பழைய முதலாளியின் நல்ல குணம் எல்லாம் வந்தன. ஒன்றரைப் பக்கம் தாண்டித்தான் ‘ஆகவே, பேலட் தேவைப்பட்டால்’ வந்தது. கூடவே பதினான்கு போட்டோ. இருபத்திரண்டு கம்பெனி முகவரிகளையும் ஒரே வரியில் போட்டு ஒரே தட்டில் அனுப்பினாள்.

ஒரு பதிலும் இல்லை.

இரண்டு வாரம் கழித்து அந்த மெயிலை, முன்பின் தெரியாத ஒருவர் படிப்பதுபோல் படித்துப் பார்த்தாள். முதல் திரையில் பேலட் என்ற சொல்லே இல்லை. படிப்பவரைப் பற்றியும் ஒரு வரி இல்லை. தான் அனுப்பிய நாற்பது வேலை விண்ணப்பங்களையும் திறந்து பார்த்தாள். அவையும் அப்படித்தான்; எல்லாம் ‘நான், நான்’ என்று போயின. அத்தாவைக் குறை சொல்ல வாயெடுத்தவள் மூடிக்கொண்டாள்.

“அத்தா, ஒரே ஒரு கம்பெனிக்கு எழுதலாம். மூணே பத்தி. ஒவ்வொண்ணும் ரெண்டு மூணு வரி.”

“மூணு வரில எப்புடிமா ஒரு மனுசன் பழகுறது?”

“இப்ப பழக வேணாம். படிக்கிறவரு பதில் போட்டாப் போதும். மீதியெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்.”

முதல் பத்தி அவர்களைப் பற்றி இருக்கவேண்டும், ஏன் அவர்களுக்கு எழுதுகிறோம் என்று தெரியவேண்டும் என்றாள். ஹலீம் யோசித்தார். “சேதராப்பட்டுல மோட்டார் பம்பு கம்பெனி இருக்குதே, அவன் வாசல்ல ஒடைஞ்ச பேலட்டு மலையாட்டம் கெடக்குது. எல்லாம் நடுவுல ஒடைஞ்சிருக்குது. பம்பு கனம் தாங்கல. அடியில ரெண்டு கட்டைக்குப் பதிலா மூணு போட்டா நிக்கும்.”

“இதை ஏன் அத்தா முதல்லியே சொல்லல?”

“ஒருத்தன் வூட்டு ஓட்டையைப் போனதும் சொல்லுவாங்களா?”

குத்திக்காட்டுவதுபோல் இல்லாமல் எழுதினாள். கம்பெனியின் கொள்முதல் மேலாளர் சிவப்பிரகாசத்தின் பெயரைத் தேடிப் பிடித்து, அவரை விளித்தே ஆரம்பித்தாள். கனமான பம்புகள் ஏற்றும்போது பேலட் நடுவில் முறிவதைக் கவனித்தோம், அதற்கு ஒரு வழி உண்டு. பத்தி அவ்வளவுதான். தலைப்பு வரியிலும் அதையே சுருக்கி வைத்தாள்: ‘நடுவில் முறியும் பேலட்டுகள் பற்றி.’

மூன்றாம் பத்தி எளிதாக வந்தது. கேட்பது ஒன்றே ஒன்று. அவர் சரி என்று சொல்லவும் சுலபமாக இருக்கவேண்டும். இரண்டு மாதிரி பேலட் எங்கள் செலவில் இறக்குகிறோம், செவ்வாய் வரலாமா, புதன் வரலாமா? கீழே பெயரும் போன் நம்பரும். போட்டோ ஒன்றுகூட இல்லை.

இடையில் இரண்டாம் பத்திதான் இழுத்தது. நாங்கள் யார், எங்களை ஏன் நம்பலாம் என்பதற்கு ஒரு சான்று வேண்டும். ‘தரமான வேலை’ என்றால் யார் வேண்டுமானாலும் சொல்வார்கள். ஆரிபா எழுதினாள்: ‘வில்லியனூரில் பதினெட்டு வருடமாகப் பேலட் செய்கிறோம். போன வருடப் பெருமழையில், எங்கள் ஷெட்டில் முழங்கால் தண்ணீர் நின்றபோதும், 240 பேலட்டுகளைக் காய்ந்த மரத்தில், சொன்ன தேதிக்குக் கொடுத்தோம்.’

ஹலீம் படிக்கச் சொல்லிக் கேட்டார். முகம் மாறியது.

“தங்கவேலு பேரு எங்க?”

ஒதியம்பட்டில் இதே தொழில் செய்கிறவர் தங்கவேல். அந்த மழையில் ஹலீமின் மரமெல்லாம் ஊறிப்போனது. தங்கவேல்தான் தன் காய்ந்த பலகையையும் ஷெட்டையும் ஆட்களையும் கொடுத்து, இரண்டு நாள் கூடவே நின்று ஆணியடித்தார். பலகைக்கு மட்டும் பணம் வாங்கிக்கொண்டார். “கூலியா? இன்னா பாய், நாளிக்கி எனக்கு மழை பேயாதா?” என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

“அதைச் சேர்த்தா பத்தி நீண்டுடும் அத்தா. அவருகிட்டயே ஆர்டர் குடுத்துடலாமேன்னுகூட அந்த மேனேஜர் நெனைப்பாரு.”

“நெனைச்சா நெனைக்கட்டும்.”

“ஆறு பேரு ஒக்காந்திருக்காங்க அத்தா.”

ஹலீம் இன்னொரு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். “சரி, அனுப்பு. ஆர்டர் வந்ததும் தங்கவேல அந்த மேனேஜர்கிட்ட நானே கூட்டிப் போயி, ‘சார், எங்களைக் காப்பாத்தினது இவருதான்’னு சொல்லிடறேன். இது என் மேல கெடக்குற கடன்.”

ஐந்தாம் நாள் பதில் வந்தது: ‘புதன் பத்து மணி. கேட்டில் என் பெயரைச் சொல்லவும்.’ மூன்று கட்டை வைத்த மாதிரி பேலட் பம்புகளைத் தாங்கியது. பொங்கலுக்கு முந்தின வாரம் ரம்பம் ஓடியது. ஆறு பேரும் இருந்தார்கள்.

தங்கவேலைக் கூட்டிப்போகும் நாள் மட்டும் தள்ளிக்கொண்டே போனது. லோடு இருக்குது என்றார் ஹலீம். நோன்பு முடியட்டும் என்றார். ஆனியில் ஒரு காலை, ஷெட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஜிப்மர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. ஜனாசா அடக்கத்துக்குத் தங்கவேல் வந்து, பள்ளிவாசல் மதில் ஓரம் கடைசிவரை நின்றார்.

இரண்டு மாதம் கழித்து அவர் ஷெட்டுக்கு வந்தார். கணக்கு, ஆட்கள், மெயில் எல்லாம் இப்போது ஆரிபாதான்.

“நல்லாக்கீறியாம்மா? பாய்க்கு என்னமோ மூணு பத்தி எழுதி ஆர்டர் வாங்கிக் குடுத்தியாமே. எனக்கும் ஒண்ணு எழுதித் தா. வேலை ஒண்ணும் செரியில்ல. மடுகரைப் பக்கம் ஒரு பைப்பு கம்பெனி வந்துக்குது.”

“ஒக்காருங்க மாமா.”

பைப்பு கம்பெனியில் என்ன பார்த்தார் என்று கேட்டு முதல் பத்தியை அடித்தாள். என்ன கேட்கப்போகிறார் என்று கேட்டு மூன்றாம் பத்தியையும் அடித்தாள்.

“நடுவுல ஒரு பத்தி இருக்கு மாமா. உங்களை நம்பலாம்ங்கறதுக்கு நீங்க செஞ்சது ஏதாவது ஒண்ணு சொல்லணும். பெருசா ஒண்ணு.”

தங்கவேல் தலையைச் சொறிந்தார். ரம்பத்தைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார்.

“அப்புடி இன்னாம்மா செஞ்சிட்டேன் நானு? பாயிக்கு இருந்தாமேரி எனக்குச் சொல்லிக்க ஒண்ணும் இல்லியே. நீயே ஏதாச்சும் போட்டுக்கோ.”

240 என்ற எண் ஆரிபாவின் விரல்நுனி வரை வந்தது. அது சேதராப்பட்டில் அத்தாவின் பெயரில் பதிந்து கிடக்கிறது. அதை இவருக்குச் சொல்வதென்றால், இவரை விட்டுவிட்டு அதை எழுதியது யார் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

“நாளைக்கு முடிச்சுத் தர்றேன் மாமா” என்றாள்.

“அவசரம் இல்லம்மா” என்று தங்கவேல் சைக்கிளை எடுத்தார்.

மறுநாளும் இரண்டாம் பத்தி எழுதப்படவில்லை.