இரவில் வாங்கிய யூனிட்

கோலார் தங்கச் சுரங்கத்தில் வாங்கிய சம்பளம் என்றைக்கோ கரைந்துவிட்டது. தூசி மட்டும் சுப்பராயனின் நுரையீரலை விட்டுப் போகவில்லை. கடைசி ஒரு வருடம் பெங்களூரில் மகள் மைதிலியின் வீட்டில், ஆக்சிஜன் மெஷினின் குழாயை மூக்கில் மாட்டிக்கொண்டு படுத்திருந்தார். இரவும் பகலும் ஓட வேண்டிய மெஷின் அது.

அதற்காகவே மைதிலி மொட்டை மாடியில் சோலார் போட்டாள். பகலில் மிஞ்சுகிற கரண்ட் மின் கம்பெனிக்குப் போகும், இரவில் தேவையானது அங்கிருந்து வரும். மாதக் கடைசியில் கொடுத்ததைக் கழித்துக்கொண்டு மிச்சத்துக்குத்தான் பில். கிழவருக்கு அது பிடிபடவே இல்லை.

"பகல்ல நம்ம கரண்ட், ராத்திரில கடன் கரண்டும்மா" என்பார். அவள் சிரித்துவிட்டுப் போவாள்.

மாதத்தின் கடைசி நாள் விடியற்காலையில் அவர் இறந்துபோனார். காரியம் முடியுமுன்பே மீட்டர் பார்ப்பவர் வந்துவிட்டார்.

"அக்கா, இந்த மாசம் நீங்க வாங்குனதவிட குடுத்ததுதான் ஜாஸ்தி. ஃபிக்ஸட் சார்ஜ் மட்டும் வந்திருக்கு" என்று சிரித்தபடி பில்லை நீட்டினார்.

கொடுத்த யூனிட் எப்போதும்போலத்தான் இருந்தது. வாங்கியதில்தான் போன மாதத்தைவிட எண்பது குறைந்திருந்தது. பகலெல்லாம் மெஷின் அவள் கண்ணெதிரில் ஓடியது. ராத்திரியில்? "சத்தத்துல நீ தூங்க மாட்டே, கதவச் சாத்திட்டுப் போம்மா" என்று இந்த மாதம்தானே சொல்ல ஆரம்பித்தார்.

மைதிலி அந்தக் கதவைத் திறந்தாள். கட்டில் காலியாகக் கிடந்தது.

"ராத்திரி வாங்குறதெல்லாம் கழிஞ்சுபோற யூனிட்டுப்பா" என்றாள் கட்டிலைப் பார்த்து.