யாருக்கும் என் எண்ணைத் தர வேண்டாம்

ஓட்டல் சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிறவர்கள் வேலை நேரத்தில் கைபேசி வைத்திருக்கக் கூடாது. இஸ்திரியக்காவுக்கு மட்டும் மேற்பார்வையாளர் விலக்குக் கொடுத்திருந்தார். அவள் கணவனுக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து, மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பதிவு செய்து மூன்று வருடம் ஆகிறது. ஆஸ்பத்திரியிலிருந்து எந்த எண்ணில் கூப்பிடுவார்கள் என்று சொல்ல முடியாது. எடுக்காவிட்டால் பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும். பதிவில் இருந்தவை அவன் எண்ணும் அவள் எண்ணும். டயாலிசிஸ் நடப்பது வேறொரு மையத்தில், அந்த நாளில் அவன் கைபேசி அங்கே ஒரு பெட்டியில் பூட்டிக் கிடக்கும். அன்றைக்கு அவள் எண் ஒன்றுதான்.

இந்த லட்சணத்தில் வீட்டு ஓனர் வீட்டை விற்கக் கிளம்பினார். தங்கமான மனுஷன், வாடகையை ஏற்றியதே இல்லை. ஆனால் கேட்கிற புரோக்கருக்கெல்லாம் அவள் எண்ணைத் தூக்கிக் கொடுத்துவிட்டார். வீட்டில் இருப்பவள் அவள்தானே, கதவைத் திறந்து காட்டட்டும் என்று கணக்கு. மாடியா, தரைத்தளமா, தண்ணீர் வருமா, இப்போதே வரலாமா என்று காலையிலிருந்து நச்சரிப்பு. தெரியாத எண்களைத் தடுத்து வைக்கலாம் என்றால் ஆஸ்பத்திரியும் தெரியாத எண்தான். எண்ணை மாற்றலாம் என்றால் பதிவில் புது எண் ஏற ஒரு மாதம் பிடிக்கும், அதற்குள் அழைப்பு வந்துவிட்டால்? நாலு பக்கமும் சுவர் எழுப்பி உள்ளே உட்கார வைத்த மாதிரி இருந்தது அவளுக்கு.

வாயால் சொல்லிப் பார்த்தாள். ஓனர் தலையாட்டினார், மறந்தும் போனார். அதனால் எழுதிக் கொடுப்பதென்று முடிவு செய்தாள். வாடகைக்கும் பழுதுபார்ப்புக்கும் மட்டும்தான் என் எண்ணை உங்களுக்குக் கொடுத்தேன். என்னைக் கேட்காமல் புரோக்கருக்கோ, வாங்க வருகிறவருக்கோ, வேறு யாருக்குமோ தர வேண்டாம். இதுவரை யார் யாருக்குக் கொடுத்தீர்கள் என்று சொல்லி, அவர்களை அழிக்கச் சொல்லுங்கள். வீடு பார்க்க வருவதென்றால் ஒரு நாள் முன்னால் நீங்களே எனக்குச் செய்தி அனுப்புங்கள், சனி ஞாயிறு நாலு மணியிலிருந்து ஆறு வரை கதவு திறந்திருக்கும். காரணத்தையும் ஒளிக்காமல் எழுதினாள். அடியில், கடிதமென்றால் இப்படித்தான் என்ற பழக்கத்தில், பெயர், வீட்டு எண், கைபேசி எண். இரண்டு பிரதி. ஒன்றில் 'பெற்றுக்கொண்டேன்' என்று தேதியோடு கையெழுத்து வாங்கினாள்.

ஓனருக்குக் கண் கலங்கிவிட்டது. "என்னம்மா இது, முன்னாடியே விவரமா சொல்லக் கூடாதா? ஒருத்தன் உன்னைக் கூப்பிட மாட்டான். நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்டார். இஸ்திரியக்கா மூன்று நாள் நிம்மதியாகத் தூங்கினாள். நான்காம் நாள் டயாலிசிஸ். மதியத்திலிருந்து கைபேசி ஓயவில்லை, முன்னைவிட மூன்று மடங்கு. தலைவலி போய்த் திருகுவலி வந்தது. மேற்பார்வையாளர் ஒரு தரம் திரும்பிப் பார்த்தார், இரண்டாம் தரம் பெருமூச்சு விட்டார்.

அவளுக்குப் பொறுமை போய்விட்டது. அப்போது பேசியவனைப் பிடித்துக்கொண்டாள். "என் நம்பர் உங்களுக்கு எப்படிக் கிடைச்சுது?"

"உங்க லெட்டர்லதான் இருந்துச்சு. உங்க ஓனர் அதை போட்டோ எடுத்து எங்க குரூப்ல போட்டிருக்காரு, 'இந்தம்மாவை யாரும் தொந்தரவு பண்ணாதீங்க'ன்னு."

"குரூப்ல எத்தனை பேரு?"

"இருநூத்துச் சொச்சம் இருக்கும். பாதிப் பேரு லெட்டரைப் படிக்கவே மாட்டாங்க, நம்பரைத்தான் பாப்பாங்க. ஆமா, வீடு எந்தப் பக்கம் பாத்தது?"

நல்லது செய்கிறேன் என்று வருகிறவனிடமிருந்து யார் காப்பாற்றுவது? அந்தப் படத்தை அழிக்கச் சொல்லிக் கெஞ்சினாள், திட்டினாள், அதை வேறு எந்தக் குழுவுக்கு அனுப்பினான் என்று துருவினாள். நடுவில் காதுக்குள் டுக் டுக்கென்று வேறு அழைப்பு வந்துகொண்டே இருந்தது. இன்னொரு புரோக்கர், கிடக்கட்டும் என்று விட்டாள். வாதாடி முடிக்க இருபத்தைந்து நிமிடம் ஆனது. வைத்த கையோடு மறுபடி அடித்தது.

"வீடு எங்கிட்ட இல்லீங்க, ஓனரைக் கேளுங்க" என்றாள்.

"மேடம், டிரான்ஸ்பிளான்ட் பிரிவுலேர்ந்து பேசறோம்." ஒரு பெண்ணின் குரல், தணிந்த குரல். "இன்னைக்கு சார் முறை வந்துச்சு. அவர் நம்பர் எடுக்கல, உங்களுது பிஸியாவே இருந்துச்சு. நேரம் முடிஞ்சு அடுத்தவருக்குப் போயிடுச்சு. பதிவு அப்படியே இருக்கு, கவலைப்படாதீங்க."

இஸ்திரியக்கா கைபேசியைக் காதிலிருந்து எடுத்து நேரத்தைப் பார்த்தாள். இருபத்தைந்து நிமிடத்தையும் அவளே பேசித் தீர்த்திருக்கிறாள்.

சாயங்காலம் கணவன் கூப்பிட்டான். "முடிஞ்சுது, கிளம்பறேன். பெட்டியைத் திறந்தா ஆஸ்பத்திரியிலேர்ந்து நாலு மிஸ்டு கால். உங்கிட்ட பேசிட்டாங்களா?" மூன்று வருடமாகக் கேட்காத ஒரு துள்ளல் அவன் குரலில் இருந்தது.

"பேசினாங்க" என்றாள்.

"என்ன சொன்னாங்க?"

அவள் வாயைத் திறந்தாள். காதுக்குள் இன்னொரு அழைப்பு டுக் டுக்கென்றது.

"ஒரு நிமிஷம் இருங்க" என்று சொல்லிவிட்டு, அதை எடுத்தாள்.