ஃபியூஸைப் பிடுங்கினாலும் மாறாத பெயர்

எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. ஆறவேண்டும் என்ற ஆசையும் இல்லை. ஊரில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரன் என் பெரியப்பா மகன். அண்ணன் என்று வாய் நிறையக் கூப்பிட்ட ஆள். எங்கள் குடிதண்ணீர்த் தொட்டியில் அடிக்கடி யாரோ மீன் கழுவிய தண்ணீரைக் கொட்டினார்கள். "அவளே கொட்டிட்டு அவளே அழுதா. புத்தி பிசகிட்டு" என்று என் மனைவியைப் பற்றி ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான் அவன். அவள் வீட்டைப் பூட்டிவிட்டுப் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டால் எங்கள் முற்றத்தில் அவன் லாரியை நிறுத்தலாம், அவ்வளவுதான் விஷயம்.

நான் இருப்பது கத்தாரில். தோஹா தொழில்பேட்டையில் என் வேலையே கேமரா மாட்டுவது. லீவில் ஊருக்குப் போனபோது தொட்டிக்கு நேராக ஒன்றை மாட்டினேன். நான் தோஹாவுக்குத் திரும்பியதும் அதை மெமரி கார்டோடு பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். மனைவி ஆளை வைத்து இரண்டாவதை எட்டாத உயரத்தில் மாட்டினாள். அதில் கார்டு கிடையாது. படம் இன்டர்நெட் வழியாக வந்து கேம்ப்பில் என் ரூமில் இருக்கும் ரெக்கார்டரில் பதிவாகும்.

ஆனால் ஊரில் கரண்ட் போய் ரவுட்டர் அணைந்து மறுபடி எரிந்தால், இன்டர்நெட்காரன் வீட்டுக்கு வேறு ஐபி நம்பர், அதாவது வேறு இன்டர்நெட் முகவரி, கொடுத்துவிடுவான். ரெக்கார்டர் பழைய நம்பரைத் தட்டிக்கொண்டே இருக்கும். மனைவி நர்சரிப் பள்ளி வேலை முடிந்து வந்து புது நம்பரைப் பார்த்துச் சொன்னால்தான் படம் வரும். ஒருநாள் அண்ணன் கரிசனமாக விசாரித்தபோது இதை ஒன்றுவிடாமல் அவனிடம் சொல்லித் தொலைத்தேன். அதற்குப் பிறகு தொட்டி நாறிய நாளெல்லாம் கேமராவும் போயிருந்தது. வெளிச்சுவரில் மீட்டர் பெட்டி. ஃபியூஸைப் பிடுங்கித் திரும்பச் செருகினால் போதும், நான் குருடன்.

புரிந்த அன்றே வேலையைத் தொடங்கினேன்.

தினமும் குடோன்களில் செய்கிற வேலையை என் வீட்டுக்குச் செய்யவில்லையே என்று என்னையே திட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். டைனமிக் டிஎன்எஸ் சேவை ஒன்றில் வீட்டுக்கு ஒரு பெயரைப் பதிந்தேன். மனைவி வீடியோ காலில் இருந்தபடியே ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து, நான் சொல்லச் சொல்ல அந்தப் பெயரையும் பாஸ்வேர்டையும் அடித்தாள். இனி நம்பர் மாறினால் ரவுட்டரே அந்தச் சேவைக்குத் தகவல் கொடுக்கும். பெயர் புது நம்பரைக் காட்டும். ரெக்கார்டரில் நம்பரை அழித்துவிட்டுப் பெயரைப் போட்டேன். வெளியிலிருந்து கேமராவுக்குப் போகிற வழி, போர்ட் என்போம், ரவுட்டரில் ஏற்கெனவே திறந்திருந்தது.

"இப்போ ரவுட்டரை அணைச்சுப் போடு" என்றேன்.

படம் போனது. கொஞ்ச நேரத்தில் தானாகவே வந்தது.

"நம்பர் மாறிட்டு, பாத்தியளா? நான் ஒண்ணும் சொல்லலியே" என்றாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு சிரித்தாள்.

"யார்ட்டயும் மூச்சு விடாத" என்றேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டில் சொந்தக்காரர்கள் கூடுவதாக இருந்தது. அவளை அவள் அப்பா வீட்டில் விட்டுவிடுவது பற்றிப் பேச்சு, ஏற்பாடு அண்ணன். முந்தின நாள் நானே அவனைப் போனில் கூப்பிட்டேன்.

"அண்ணே, கேமரா இப்போ ஓடுது. கரண்ட் போச்சுன்னா மட்டும் செத்துரும். அவ பள்ளிக்கூடத்துல இருந்து வந்து நம்பர் சொல்றவரை ஒண்ணும் தெரியாது."

"கவலப்படாதடே, நான் பாத்துக்கிடுதேன்" என்றான்.

பார்த்துக்கொண்டான். வெள்ளி எனக்கு லீவு, காலையிலிருந்து திரை முன்னால்தான் இருந்தேன். அவள் பள்ளிக்குப் போனதும் படம் போனது. நான் டீ போட்டுக்கொண்டு வந்தேன். படம் வந்தது. வாளியோடு எங்கள் முற்றத்தில் ஹாயாக நடந்துவந்தான். மூடியைத் தூக்கினான், கொட்டினான், கேமராவை அண்ணாந்து பார்த்து இளித்துவிட்டுப் போனான். மனைவிக்கு மட்டும் அனுப்பினேன்.

சாயங்காலம் வீடியோ காலில் நான். கூடத்தில் பத்துப் பதினைந்து பேர். அவன்தான் பேசினான். "இன்னைக்கும் கொட்டியிருக்கா. பாவம்டே, நல்ல டாக்டரா பாக்கணும்."

முழுவதையும் பேசவிட்டேன். அவன் வாயை மூடியதும் மனைவி படத்தை டிவியில் ஓடவிட்டாள். அந்த இளிப்பு பெரிய திரையில் இன்னும் நன்றாக இருந்தது. என் பெரியம்மா எழுந்து மகன் பக்கத்திலிருந்து தள்ளிப் போய் உட்கார்ந்தாள்.

"அழிச்சிருடே. வீட்டுக்குள்ள பேசித் தீத்துக்கிடுவோம்" என்றான் என்னிடம்.

மனைவி உள்ளே போய் ஒரு வாளியும் தேய்க்கிற பிரஷும் கொண்டுவந்து அவன் காலடியில் வைத்தாள்.

"தொட்டிக்குள்ள இறங்குங்க அத்தான்" என்றாள். "எல்லாரும் இருக்கும்போதே கழுவிருங்க."

அவன் வேட்டியை மடித்துக் கட்டினான்.