எடுக்காமல் விட்ட காய்கள்

புனேயில் ஹிஞ்சவடிக்குப் போகும் கம்பெனிப் பேருந்தில் இருந்தபோது அம்மாவின் அழைப்பு வந்தது. "மாமா காலையில எழுந்திருக்கலடி" என்றார். வாகட் பாலத்தருகே இறங்கி, எதிர்த் திசையில் ஓர் ஆட்டோவைப் பிடித்தேன். உறவில் சொல்ல வேண்டியவர்களுக்கெல்லாம் மற்றவர்கள் சொல்லிவிடுவார்கள். ஒருவருக்கு மட்டும் நான்தான் சொல்ல வேண்டும் என்று வழியில் தோன்றியது. வானவடியில் இருக்கும் மேஜர் சீனிவாசன் அவர்களைக் கூப்பிட்டுச் சொன்னேன். "எந்த சுடுகாடும்மா? வரேன்" என்றார்.

தனபால் மாமா என் அம்மாவின் தம்பி. வேலூர்ப் பக்கத்திலிருந்து இளம் வயதில் புனே வந்து, கட்கியில் ராணுவத் தொழிற்சாலை ஸ்டோரில் கிளார்க்காகச் சேர்ந்து, அங்கேயே ஓய்வு பெற்றவர். அவரைப் பற்றிச் சொல்ல உறவினர்களிடம் நிறைய உண்டு. எத்தனை பேருக்குத் தங்க இடம் கொடுத்தார், எந்தத் திருமணத்தில் பந்தி பார்த்தார் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். 'கோ' விளையாட்டுக் கிளப்பில் அவர் கழித்த ஞாயிற்றுக்கிழமைகள் பற்றி அவர்களுக்குத் தெரியாது. ஆகவே அதை எழுதுகிறேன்.

ஓய்வு பெற்று ஏரவாடாவில் மகன் வீட்டுக்கு வந்த பிறகு, மாமாவுக்குச் சும்மா இருக்கத் தெரியவில்லை. ஒருநாள் அத்தை என்னிடம் முறையிட்டார். "இவரை எங்கனா கூட்டிகினு போ சித்ரா. பால்காரன், தோபி, ஒருத்தனையும் விடறதில்ல. கதவாண்டயே நிக்க வெச்சுக் கணக்கு கேக்குறாரு."

நான் ஞாயிறுதோறும் வானவடியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் சிறு கூடத்தில் நடக்கும் கிளப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். கேதார் என்ற மராத்தி இளைஞர் அதை நடத்தினார். மாமாவை என் ஸ்கூட்டியின் பின்னால் உட்காரவைத்து அழைத்துப் போனேன். பெரும்பாலும் என் வயதுக்காரர்கள் இருந்த அந்த அறையில், இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையுடன் மாமா புது மாணவராக உட்கார்ந்தார்.

விளையாட்டைத் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கட்டம் போட்ட பலகையில், கோடுகள் வெட்டிக்கொள்ளும் புள்ளிகளில் கறுப்பும் வெள்ளையுமாக மாற்றி மாற்றிக் காய் வைக்க வேண்டும். வைத்த காய் நகராது. யார் அதிக வெற்றிடத்தை வளைக்கிறார்களோ அவர்களே ஜெயித்தவர்கள். காயை ஒட்டியிருக்கும் காலிப் புள்ளிகளை நாங்கள் மூச்சு என்போம். ஒரு கூட்டத்தின் மூச்செல்லாம் அடைபட்டால் அதை எடுத்துவிடலாம். ஆனால் அந்தக் கூட்டத்துக்குள் தனித்தனியாக இரண்டு துளைகள் இருந்தால் அதை எடுக்கவே முடியாது. ஒரே நேரத்தில் இரண்டையும் அடைக்க முடியாதல்லவா? அந்தத் துளைகளுக்குக் கண் என்று பெயர். இரண்டு கண் அமைக்க வழியில்லாத கூட்டம் செத்த கூட்டம். அதைச் சுற்றி வளைத்து எடுக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. பலகையிலேயே கிடக்கட்டும், ஆட்டம் முடிந்ததும் இருவரும் ஒப்புக்கொண்டு எடுத்துவிடுவார்கள்; எடுத்த காய்கள் எடுத்தவர் கணக்கில் சேரும்.

இந்தக் கடைசி விஷயம்தான் மாமாவுக்கு இறங்கவில்லை. "கைக்கு வராத சரக்கை வந்துச்சுன்னு எப்டி எழுதறது?" என்பார். முப்பது வருட ஸ்டோர்ப் பழக்கம். செத்த கூட்டத்தைத் துரத்தித் துரத்தி மூச்சடைத்து, காய்களைக் கையில் எடுத்து, காய் வைக்கும் கிண்ணத்தின் மூடியில் போட்டால்தான் அவருக்குத் தூக்கம் வரும்.

மேஜர் எங்கள் கிளப்பின் பலமான ஆட்டக்காரர்களில் ஒருவர். கும்பகோணத்துக்காரர். தமிழ் பேச ஆள் கிடைத்த மகிழ்ச்சியில் வாரந்தோறும் மாமாவைத் தன் எதிரில் உட்காரச் சொல்வார். மாமாவுக்குக் கறுப்புக் காய். சலுகையாகப் பல காய்களை முன்கூட்டியே வைத்துக்கொள்ளலாம். ஆனால் மேஜர் அறைக்குள் வந்ததும் எழுந்து நிற்கும் பழக்கத்தை மாமாவால் விட முடியவில்லை. "தனபால், நான் பென்ஷன் வாங்கறவன், நீங்களும் பென்ஷன் வாங்கறவர். உக்காருங்க" என்று மேஜர் சொல்லிப் பார்த்தார். மாமா உட்காருவார், அடுத்த வாரம் மறுபடி நிற்பார். அப்படி நின்றவருக்கு, அந்த மனிதரை ஒருமுறையாவது ஜெயித்துவிட வேண்டும் என்ற ஆசை இருந்தது. வேறு யாரை ஜெயித்தாலும் அவர் முகம் மாறியதில்லை.

ஒரு ஞாயிறு அது நடக்கப்போவதாகவே நினைத்தார். மேல் மூலையில் மேஜரின் பெரிய வெள்ளைக் கூட்டம் ஒன்று சிக்கியது. உள்ளே வரிசையாக மூன்று காலிப் புள்ளிகள்தான். மாமா நடுப்புள்ளியில் காயை வைத்தார். அருமையான இடம். நடு போனால் இரண்டு கண் கிடையாது. கூட்டம் அந்த நொடியே செத்துவிட்டது. மேஜர் தலையசைத்துவிட்டு இடது பக்கம் போய் வைத்தார். மாமா போகவில்லை. மூலைக் கூட்டத்தின் வெளி மூச்சு ஒன்றை அடைத்தார். மேஜர் வலது பக்கம் வைத்தார். மாமா இன்னொரு மூச்சை அடைத்தார். மேஜர் கீழே வைத்தார். இப்படியே போய், கடைசியில் மாமா வெள்ளைக் காய்களை ஒவ்வொன்றாக எடுத்து மூடியில் போட்டபோது, அந்தச் சத்தத்துக்கு அறையே திரும்பிப் பார்த்தது.

எண்ணியபோது மாமா தோற்றிருந்தார்.

"செத்தவனையே திரும்பத் திரும்பச் சுட்டுண்டு இருந்தீங்க தனபால். நான் அதுக்குள்ள ஊரை வளைச்சுட்டேன்" என்று மேஜர் சிரித்தார்.

மாமாவின் முகம் கறுத்தது. "இன்னா சார் கதை இது? உங்க காய் அத்தனையும் என் மூடியில கீது. உங்க மூடியில ஒண்ணுமில்ல. ஆபீசர்னா கணக்கும் உங்க பக்கமே சாயுமா?"

தமிழ் புரியாதவர்களுக்கும் குரல் புரிந்தது. மேஜரின் சிரிப்பு நின்றது. எனக்குத் தரையைத் தவிர எங்கும் பார்க்க முடியவில்லை.

எங்கள் கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு. ஆட்டம் முடிந்ததும் பலகையைக் கலைத்து, முதல் காயிலிருந்து நினைவாக மறுபடி வைத்துப் பார்ப்போம். சுற்றி நிற்பவர்களும் கருத்துச் சொல்வார்கள். கேதார் நல்ல எண்ணத்தில்தான் அன்று வைத்துக் காட்டினார். மூலையில் வெள்ளை செத்த இடம் வந்தது. அடுத்த கறுப்புக் காயை வைத்து, "யே கிஸ் லியே, அங்கிள்?" என்று கேட்டார். இது எதற்காக? கேதார் அடுத்ததை வைத்தார். "அவுர் யே?" அப்புறம் இது? யாரோ சிரித்தார்கள். ஒவ்வொரு வீண் காயும் மாமா வளைத்திருந்த இடத்தில் ஒரு புள்ளியைத் தின்றிருந்தது; அந்த நேரத்தில் மேஜர் வைத்த ஒவ்வொரு காயும் ஒரு பக்கத்தையே தின்றிருந்தது. இரண்டாவது கேள்வியிலேயே மாமாவுக்குப் புரிந்துவிட்டது. ஆனால் கேள்விகள் முடியவில்லை. அவர் கைகளை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டு, பள்ளிப் பிள்ளையைப் போலக் கேட்டுக்கொண்டிருந்தார்.

திரும்பும் வழியில், சிக்னலில் நின்றபோது, பின்னாலிருந்து கேட்டார். "சித்ரா, நான் அவரைத் திருடன்னு சொல்லிட்டேன் இல்ல?"

"அப்படிச் சொல்லல மாமா."

"சொன்ன மாதிரிதான்."

அதன் பிறகு வரவில்லை. ஞாயிறானால் முதுகு வலி. மேஜர் என்னிடம், "அவரை வரச் சொல்லும்மா. கல்யாணம் ஆனவன் நான், திட்டு வாங்கறது ஒண்ணும் புதுசில்ல" என்று சொல்லியனுப்பினார். அதைக் கேட்டு அத்தை சிரித்தார். மாமா எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார்.

சில வாரங்கள் கழித்து அவராகவே என்னிடம் பலகையைக் கொண்டுவரச் சொன்னார். "எடுக்காமலே செத்துச்சுன்னு எப்டி தெரியும்? அதைச் சொல்லு."

அதே மூலையை வைத்தேன். நடுவில் கறுப்பு. "இப்ப நீங்க வெள்ளை மாமா. காப்பாத்திக் காட்டுங்க."

அவர் ஒரு பக்கம் வைத்தார். நான் எதுவும் செய்யவில்லை. மறு பக்கமும் வைத்து என் நடுக்காயைப் பிடித்தார். பிடித்தும் உள்ளே ஒரே துளைதான். கலைத்துவிட்டு மறுபடி வைத்தார். அன்று மாலை முழுக்கச் செத்த பக்கத்திலேயே உட்கார்ந்து பிழைக்க வழி தேடினார். கடைசியில் நிமிர்ந்து, "வழியே இல்ல" என்றார். ஜெயித்தவர் மாதிரி அவர் சொல்லவில்லை.

மறு ஞாயிறு முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு என் ஸ்கூட்டிக்காகக் கீழே நின்றிருந்தார். கிளப்பில் மேஜர் வந்ததும் எழுந்தார். "சார், அன்னிக்கு நான்..." என்று தொடங்கினார். மேஜர் காதில் விழாதவர் போல, "காய் வைங்க தனபால், நேரமாறது" என்றார்.

நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நடு ஆட்டத்தில் மறுபடி ஒரு வெள்ளைக் கூட்டம், கீழ் மூலையில், மூன்று புள்ளிகளோடு சிக்கியது. மாமா நடுவில் வைத்தார். மேஜர் மாமாவைப் பார்த்துவிட்டு, உள்ளேயே ஒரு காய் வைத்தார். மாமாவின் நடுக்காய் அடுத்துப் பிடிபடும் நிலை. மாமாவின் கை கிண்ணத்துக்குப் போனது. நின்றது. உதடுகள் அசைந்தன. பிறகு அந்த மூலையை விட்டுவிட்டு, வலது பக்கத்தை வளைத்தார். மேஜர் நடுக்காயைப் பிடித்தார். மாமா இடது பக்கமும் போனார். ஒரு காயைக் கொடுத்து இரண்டு பக்கங்களை எடுத்திருந்தார். உள்ளே மேஜர் வைத்த இரண்டு காய்களும் செத்த கணக்கில் சேர்ந்துவிட்டன.

அடுத்து மேஜர் வெளியே, சுற்றியிருந்த கறுப்புச் சுவரின் ஓர் இடைவெளியை ஒட்டி வைத்தார். இது வேறு. இங்கே சுவர் இரண்டாக வெட்டுப்பட்டால் மூச்சு குறைவது மாமாவுக்குத்தான். செத்த கூட்டம் எழுந்துவிடும். மாமா இந்த முறை நேரம் எடுத்துக்கொண்டு, அந்த இடைவெளியை அடைத்தார். அடைத்ததோடு சரி, அதற்குமேல் ஒரு காய்கூட அங்கே வைக்கவில்லை.

ஆட்டம் முடிந்தது. மேஜர் மூலையைக் காட்டி, "எடுங்கோ தனபால். உங்களோடதுதான்" என்றார்.

மாமா தயங்கித் தயங்கி எடுத்தார். மூடியில் போடும்போது சத்தம் வராமல் விரலால் தாங்கிப் போட்டார். இருவரும் எண்ணினார்கள். மாமா ஜெயித்திருந்தார்.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அன்று அவமானப்பட்டு உட்கார்ந்திருந்த அதே முகம். அறையின் மறு கோடியிலிருந்து கேதார், "சலோ அங்கிள், வைத்துப் பார்ப்போமா?" என்று ஹிந்தியில் கேட்டபடி வந்தார். அவருக்குப் பின்னால் இன்னும் சிலர். இந்த முறை 'இது எதற்காக' என்ற கேள்வி மேஜருக்கு. அவர்கள் வந்து சேர்வதற்குள் மாமா இரண்டு கைகளாலும் பலகை முழுவதையும் கலைத்து, கறுப்பையும் வெள்ளையையும் அவசரமாகப் பிரித்துக் கிண்ணங்களில் போடத் தொடங்கிவிட்டார்.

"அரே, யார் ஜெயித்தது?" என்றார் கேதார்.

"நினைவு இல்லப்பா" என்று மாமா ஹிந்தியில் சொன்னார், தலை நிமிராமல்.

மேஜர் எழுந்து நின்றார். "தனபால் ஜீத் கயே" என்றார், தனபால்தான் ஜெயித்தார் என்று அறை முழுவதும் கேட்கும்படி. அப்படியே நின்றுகொண்டிருந்தார், மாமா கடைசிக் காயைப் போட்டு மூடும் வரை.

மாமா, உங்கள் இரண்டு ஆட்டங்களையும் கேட்காமல் இங்கே வைத்துக் காட்டிவிட்டேன். நீங்கள் இருந்திருந்தால் விட்டிருக்க மாட்டீர்கள். சுடுகாட்டில் உங்கள் முகம் மூடும் முன் மேஜர் வந்தார். எல்லோரும் உட்கார இடம் தேடிக்கொண்டிருக்க, அவர் மட்டும் கடைசி வரை நின்றார். போய் வாருங்கள்.