ஒருத்திக்காக அடித்த மணி

எங்கள் அண்ணி மருத்துவமனைச் சலவைப் பிரிவில் பதினெட்டு வருடமாகப் போர்வை மடிக்கிறாள். கை ஒரு பக்கம் மடிக்கும், வாய் ஒரு பக்கம் பேசும். நான் அவளுக்கு ஒரே நாத்தனார் என்பதால், கிண்டல் செய்யும் முழு உரிமையும் எனக்குத்தான்.

அங்கே துணிக் கிடங்குப் பொறுப்பாளர் ஓய்வு பெறப்போகிறார். அந்த நாற்காலியில் உட்கார அண்ணிக்கு எல்லாத் தகுதியும் இருந்தது, பத்தாம் வகுப்புத் தேர்ச்சியைத் தவிர. மற்றப் பாடங்களை நாற்பது வயதுக்கு மேல் தனித்தேர்வராக எழுதி ஒரே மூச்சில் தாண்டிவிட்டாள். கணக்கு மட்டும் அவளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. நான்கு முறை எழுதி நான்கு முறையும் கோட்டை விட்டாள். ஐந்தாவது முறை எழுதிவிட்டு வெளியே வந்தவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

"இந்தத் தடவை பாஸ்தான். வட்டத்துக்குத் தொடுகோடு வந்துச்சு. மனப்பாடம் பண்ணின அதே கணக்கு."

அண்ணன் தன்னுடைய ராசியான மைப்பேனாவைக் கொடுத்தனுப்பியிருந்தான். எல்லாப் புகழும் பேனாவுக்கே என்று இரண்டு நாள் மிதப்பில் திரிந்தான்.

ஐந்து வாரம் கழித்துத் தேர்வு வாரியத்திலிருந்து பதிவுத் தபால் வந்தது. தங்கள் விடைத்தாள் மதிப்பிட இயலாத அளவில் சேதமடைந்துள்ளது, வருந்துகிறோம், நேரில் வரவும் என்று நாலே வரி. அண்ணி அதை மூன்று முறை படித்துவிட்டு மடித்தாள். ஓரத்தோடு ஓரம் சேர்த்து, போர்வை மடிப்பது போலவே. அவள் பேசாமல் மடித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

மறுநாள் அவளை இழுத்துக்கொண்டு வாரிய அலுவலகத்துக்குப் போனேன். எனக்குக் கோபம் வந்தால் முதலில் குரல் போகும், பிறகு நியாயம் போகும். இரண்டும் போவதற்குள் பிரிவுக் கண்காணிப்பாளர் எங்களை உட்காரவைத்து ஒரு கோப்பைத் திறந்தார். விடைத்தாள் திருத்தும் முகாமில், கட்டுகளை வைத்திருந்த அறையில் தண்ணீர்க் குழாய் வெடித்திருக்கிறது. ஒரு கட்டுக்குள் ஏழு விடைத்தாள்கள் நனைந்துவிட்டன. முகாம் அதிகாரி உடனே அறிக்கை எழுதி, ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார்.

"அப்ப மத்த ஆறு பேர் என்ன ஆனாங்க?" என்றேன்.

அவர் சங்கடத்தோடு அண்ணியைப் பார்த்தார். "அவங்க பால்பாயிண்ட் பேனாவுல எழுதினவங்க. காயவெச்சுத் திருத்திட்டோம். இவங்க மட்டும் மைப்பேனா."

படத்தைக் காட்டினார். பக்கம் முழுக்க நீல மேகம். நடுவில் பென்சிலால் போட்ட வட்டமும் தொடுகோடும் மட்டும் அப்படியே பளிச்சென்று நின்றன. அண்ணி அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்காவது மதிப்பெண் போடக் கூடாதா என்று நான் மல்லுக்கு நின்றேன். படிக்க முடிந்த பகுதிக்கு மட்டும் போட்டால் மீதி எழுதவே இல்லை என்று ஆகிவிடும், அது அண்ணிக்குத்தான் நஷ்டம் என்றார் கண்காணிப்பாளர். மற்றப் பாடங்களின் சராசரியை வைத்துப் போடும் வழி சிலருக்கு உண்டாம். ஆனால் அண்ணி இந்த முறை எழுதியது ஒரே பாடம். சராசரிக்கு எங்கே போவது?

அதனால் மறுதேர்வு ஒன்றுதான் வழி. வருகைத் தாளில் அண்ணியின் கையெழுத்து இருந்ததால், வரவில்லை என்று யாரும் போட முடியாது. கட்டணம் கிடையாது. அதே பாடத்திட்டம், அதே நேரம், அதே மாதிரி அமைப்பு, ஆனால் கேள்வித்தாள் வேறு. பழையதைத்தான் ஊரே பார்த்துவிட்டதே. பன்னிரண்டு நாளில் தேர்வு, எல்லோருக்கும் வரும் நாளிலேயே முடிவு. அண்ணி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். வெளியே வந்ததும் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

"தொடுகோடு மறுபடி வராதே," என்றாள்.

இந்த முறை மனப்பாடம் செல்லாது, புரிந்துதான் போட வேண்டும். பன்னிரண்டு நாளும் வீடு வீடாக இல்லை. அண்ணன் குற்ற உணர்ச்சியில் சமையலை எடுத்துக்கொண்டான். அதைச் சாப்பிட்டதுதான் எங்களுக்குக் கிடைத்த தண்டனை. அண்ணி சலவைக் கூடத்தில் போர்வையை நான்காக மடித்தால் பின்னம், மூலைக்கு மூலை மடித்தால் கர்ணம் என்று போட்டுப் பார்த்தாளாம். இத்தனை வருடமாகக் கணக்கைத்தான் மடித்துக்கொண்டிருந்திருக்கிறேன், எனக்குத் தெரியவில்லையே என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

தேர்வன்று பள்ளிக்கூட வாசலுக்குப் போனால் ஒரு ஈ காக்கை இல்லை. அறிவிப்புப் பலகையில் இருக்கை வரிசைத் தாள் ஒட்டியிருந்தது. அறை எண் ஒன்று, மொத்தத் தேர்வர் ஒருவர். முதன்மைக் கண்காணிப்பாளர், அறைக் கண்காணிப்பாளர், முத்திரையிட்ட உறையோடு வந்த வாரிய ஊழியர், காவலர், மணியடிப்பவர் என ஐந்து பேர் வரிசையாக நின்றார்கள். எல்லோரும் எங்கள் அண்ணிக்காக. எனக்கு வாசலிலேயே சிரிப்பு பீறிட்டுவிட்டது. காவலர் முறைத்தார், பிறகு அவரும் திரும்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார்.

உள்ளே நடந்ததை அண்ணி சொல்லித்தான் தெரியும். இருபது பெஞ்சு, அவள் எண் ஒட்டியது ஒன்று. அதை எங்கே என்று தேடியிருக்கிறாள். அறைக் கண்காணிப்பாளர் நோட்டீசைப் பிரித்து, மாணவ மாணவியரே, பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து எழுதக் கூடாது என்று காலி பெஞ்சுகளுக்கெல்லாம் எச்சரிக்கை விட்டிருக்கிறார். உறை பிரிக்கும்முன் முத்திரை சரியாக இருக்கிறது என்று இரண்டு தேர்வர்கள் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டாவது ஆளுக்கு எங்கே போவது? முதன்மைக் கண்காணிப்பாளரை ஓடிப்போய்க் கூட்டிவந்தார்கள். அவர் யோசித்து, தேர்வர் ஒருவர் மட்டுமே என்று எழுதித் தானே கையெழுத்திட்டார்.

"சார், சிரிச்சா வெளிய அனுப்பிடுவீங்களா?" என்று கேட்டிருக்கிறாள் அண்ணி.

"உங்கள அனுப்பிட்டா நாங்க அஞ்சு பேரும் யாருக்குத் தேர்வு நடத்துறது?" என்றாராம் அவர். கூடவே ஒரு நீல பால்பாயிண்ட் பேனாவையும் நீட்டியிருக்கிறார். சேத அறிக்கையை அவரும் படித்திருப்பார் போல.

அரை மணிக்கு ஒரு தடவை மணி அடித்தது. மரத்தடியில் நின்ற எனக்கு ஒவ்வொன்றும் நெஞ்சில் விழுந்தது. கடைசி நீண்ட மணிக்குப் பிறகு அண்ணி வந்தாள். மிதக்கவில்லை, நிதானமாக நடந்து வந்தாள். தொடுகோடு வந்ததா என்று கேட்டேன். இல்லை, முக்கோணம்தான் வந்தது, ஆனால் போட்டுவிட்டேன் என்றாள்.

முடிவு சொன்ன நாளிலேயே வந்தது. ஐம்பத்து நான்கு. தேர்ச்சிக்கு முப்பத்தைந்து போதும். அண்ணன் மைய வாரியான பட்டியலையும் பார்த்துவிட்டுக் கத்தினான். அந்தப் பள்ளியில் மறுதேர்வு எழுதியோர் ஒன்று, தேர்ச்சி ஒன்று, விகிதம் நூறு. மையத்தில் முதல் மதிப்பெண் எங்கள் வீட்டில் என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்தான். யாரும் மறுக்கவில்லை, மறுக்கவும் முடியாது.

அன்று மாலை அண்ணியின் சீருடையை மடிக்க உட்கார்ந்தேன். எனக்கு ஓரம் சேரவில்லை. அவள் வாங்கி ஒரே இழுப்பில் மடித்தாள். எது உங்களுக்குப் பெரிய சந்தோஷம், மார்க்கா, கிடைக்கப்போகிற கிடங்கு வேலையா என்று கேட்டேன்.

"பதினெட்டு வருஷமா ஆஸ்பத்திரியில யார் யாருக்கோ அடிக்கிற மணிக்கு ஓடியிருக்கேன். அன்னிக்கு எனக்கு மட்டும் ஒருத்தர் மணி அடிச்சாரு பாரு, அதுதான்," என்றாள்.

கிண்டல் செய்ய வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. அவள் அடுத்த துணியை எடுத்து என் கையில் கொடுத்தாள்.